"ரெஃபரன்ஸுக்கு உங்க பேரைப் போடவா அண்ணே?": மறுக்க நினைப்பவர் முன்னுள்ள வழிகள்

"அண்ணே, ஒரு இடத்துல இன்டர்வியூ முடிஞ்சிருக்கு. ரெஃபரன்ஸுக்கு உங்க பேரைப் போட்டுக்கவா?" கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இப்படி வாட்ஸ்அப் வந்தால், அவர் வேலையை மனசார நம்புகிறவர் யோசிக்கவே மாட்டார். "தாராளமாப் போடுப்பா" என்று பதில் போய்விடும். ஆளைப் பிடிக்கும், ஆனால் அவர் வேலைக்கு உறுதி சொல்ல முடியாது என்கிறபோதுதான் சிக்கல். சிங்கப்பூரில் நம் வட்டம் சின்னது. அவர் மனைவியும் நம் மனைவியும் ஒரே கோயிலில் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளைகள் ஒரே டியூஷனுக்குப் போவார்கள். மறுத்தால் அந்த வார்த்தை வேலையோடு நிற்காது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் மறுக்க நினைப்பவர்களில் பலர் மறுப்பதே இல்லை, வேறு ஏதாவது செய்கிறார்கள். அந்த வேறு வழிகளையும் நேராக மறுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆள் இல்லாமல் பேசினால் எல்லா வழியும் நன்றாகத்தான் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் நான் பொறுப்பில் இருந்தபோது ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த தம்பி. எஸ் பாஸில் வந்தவர். நல்ல மனிதர். தீபாவளிக்கு மற்றவர்கள் லீவு கேட்டால் தன் லீவை விட்டுக்கொடுப்பார், லாரி டிரைவர்களிடம் குரலை உயர்த்தமாட்டார். ஆனால் ஃபோர்க்லிஃப்டை ஓட்டுவதற்கு முன் தினமும் நிரப்ப வேண்டிய செக்லிஸ்டை அவர் நடத்திய விதம் சரியில்லை. ஒரு வண்டிக்கு வாரத்துக்கு ஒரு தாள். டயர், முள், செயின், ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு, பிரேக், ஹாரன், சீட் பெல்ட் என்று கீழே இறங்கும் வரிசைகள். திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டங்கள். கடைசியில் சூப்பர்வைசர் கையெழுத்து. ஒரு வாரம் வண்டி புதன் மதியம் பட்டறைக்குப் போய் வெள்ளி மாலைதான் திரும்பி வந்தது. அந்த வாரத் தாளில் வியாழக்கிழமைக் கட்டங்கள் அத்தனையிலும் டிக், அடியில் அவர் கையெழுத்து. ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. திங்கள் காலையிலேயே வாரம் முழுவதற்கும் போட்டுவிட்டார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பேசினோம், எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே கதை.

இப்போது அவர் விண்ணப்பித்திருப்பது துவாஸில் ரசாயனப் பொருள் வைக்கும் கிடங்குக்கு, சூப்பர்வைசர் வேலைக்கு. இரண்டு ரெஃபரன்ஸ் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நேரடி மேலாளராக இருந்தவராக வேண்டுமாம்.

முதல் வழி, சரி என்று சொல்லிவிட்டு நன்றாகவே பேசிவிடுவது. "ஒருத்தன் பிழைப்பு, நாம ஏன் கெடுக்கணும்" என்று வீட்டிலும் சொல்வார்கள். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் அந்தத் துவாஸ் கிடங்கில் அந்த வண்டிக்குக் கீழே நிற்கப்போவதும் யாரோ ஒரு தம்பிதான். செக்லிஸ்டில் எண்ணெய்க் கசிவு என்று ஒரு வரிசை இருப்பது, தூக்கிய முள் பாரத்தோடு கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. அதைப் பார்க்காமல் டிக் போடுபவரைப் பாதுகாப்பில் கவனமானவர் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். இந்த வழியை இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இரண்டாவதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், எல்லாவற்றிலும் மோசம் அதுதான். அவரிடம் "சரிப்பா" என்று சொல்லிவிடுவது, போன் வரும்போது சுரத்தில்லாமல் பேசுவது. "ம்… ஆள் நல்லவர்தான்… நேரத்துக்கு வருவார்… மத்தபடி நீங்களே பாத்துக்கங்க." பொய் எதுவும் சொல்லவில்லை என்று மனசுக்குச் சமாதானம் கிடைக்கும். ஆனால் ரெஃபரன்ஸ் கேட்டுப் பழகிய எச்ஆர் அதிகாரிக்கு அந்த இழுப்பே போதும். வெளிப்படையான குறையைவிட அது பெரிதாகக் கேட்கும். தம்பிக்கு வேலை போகும், எதனால் போனது என்று அவருக்குத் தெரியாது. நம்மை நம்பி அடுத்த இடத்திலும் நம் பெயரையே கொடுப்பார்.

இதில் காலமும் ஒரு முக்கியமான விஷயம். ரெஃபரன்ஸ் அழைப்பு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் வரும். சில நிறுவனங்கள் வேலைக் கடிதத்தையே கொடுத்துவிட்டு, 'ரெஃபரன்ஸ் திருப்தியாக இருந்தால் மட்டும்' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அதை நம்பி ஒருவர் இருக்கும் வேலையில் நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். எஸ் பாஸ்காரருக்கு இன்னும் நெருக்கடி. வேலை முடிந்து பாஸ் ரத்தானால் இங்கே தங்க வழக்கமாக 30 நாள்தான் கிடைக்கும். அதற்குள் புது முதலாளி புதிதாக பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த 30 நாளுக்குள் வந்து விழும் ஒரு சுரத்தில்லாத பதில், வாசலிலேயே சொல்லும் 'முடியாது' என்பதைவிடப் பல மடங்கு அவரைப் பாதிக்கும்.

அப்புறம், நாம் சொன்னது அவர் காதுக்குப் போய்ச் சேரவும் வழி குறைவு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவர் தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறலாம். ஆனால் ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா என்று மதிப்பிடுவதற்காக மட்டுமே வைத்திருக்கும் கருத்துகளை நிறுவனம் காட்ட வேண்டியதில்லை. ஆக, நாம் சொன்னதில் தவறிருந்தாலும் மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். முதுகுக்குப் பின்னால் பேசாதே என்று பெரியவர்கள் சொன்னது அலுவலகத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பதில் சொல்லாமல் இருப்பது. நீல டிக் விழுந்துவிடும், பதில் போகாது. அல்லது 'பாக்கலாம்பா' என்று ஒரு வார்த்தை. நம் பழக்கத்தில் 'பார்க்கலாம்' என்றால் பாதி நேரம் 'இல்லை' என்றுதான் பொருள் என்றாலும், வேலை தேடுகிறவர் காதில் அது 'சரி' என்றுதான் விழும். அவர் பெயரைப் போட்டுவிடுவார். எச்ஆர் இரண்டு முறை அழைப்பார்கள், நாம் எடுக்கமாட்டோம். நேரடி மேலாளர் போனை எடுக்கவில்லை என்பதை அவர்கள் எப்படி எழுதிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதுவும் சொல்லாமலே கெட்ட ரெஃபரன்ஸ் கொடுத்தாயிற்று.

நான்காவது, நிறுவனத்தின் மீது போடுவது: "எங்க கம்பெனியில எச்ஆர் மட்டும்தான் பேசணும்னு ரூல் இருக்குப்பா." இது உண்மையாக இருந்தால் நல்ல வழி, சண்டை சச்சரவு இல்லாத வழி. இங்கே நிறைய நிறுவனங்களில் அப்படி ஒரு விதி நிஜமாகவே இருக்கிறது. எச்ஆர் வேலையில் இருந்த தேதிகளையும் பதவியையும் மட்டும் உறுதி செய்யும், மேலாளர்கள் நிறுவனத்தின் சார்பில் கருத்துச் சொல்லக் கூடாது. ஊழியர் கையேட்டைத் திறந்து பார்த்து, அப்படி இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் விதி இல்லாமலே சொல்வதும், நாமே அந்த நிறுவனத்தை விட்டு வந்த பிறகு சொல்வதும் நிற்காது. போன வருஷம் இன்னொரு தம்பிக்கு நாம் ரெஃபரன்ஸ் கொடுத்தது அவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது தேக்காவில் ஒரு தேநீர் நேரத்தில் தெரிந்துவிடும். அப்போது அவருக்கு வலிப்பது இரண்டு: நாம் மறுத்தது, அதற்குப் பொய் சொன்னது.

இந்த விதிகள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2016ல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்பீட்டு ஆலோசகரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருடைய பழைய நிறுவனம், புதிய நிறுவனம் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்தான் பிரச்சினை. ரெஃபரன்ஸ் கொடுக்கும் முதலாளிக்கு முன்னாள் ஊழியரிடம் கவனக் கடமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சொல்லும் விவரம் சரியாக இருக்க வேண்டும், கருத்து சரியான விவரத்தின் மேல் நிற்க வேண்டும். அதோடு, தனித்தனியாக ஒவ்வொன்றும் சரியாக இருந்தாலும் மொத்தத்தில் தவறான தோற்றம் தரக் கூடாது. தீர்ப்பு முதலாளிகளைப் பற்றியது. இருந்தாலும் தனி ஆளாகப் பேசும் நானும் இந்த அளவுகோலையே கையில் வைத்துக்கொள்கிறேன். இதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வழியின் இழுப்பும் பெருமூச்சும் எவ்வளவு தப்பு என்று தெரியும். அங்கே விவரம் எதுவுமே இல்லை, தோற்றம் மட்டும்தான் இருக்கிறது.

ஐந்தாவது வழியில்தான் நான் நிறைய நேரம் நின்றேன். பாதி சரி. "தம்பி, நீ ஆட்களை எப்படிக் கொண்டுபோனே, லோடிங் நேரத்தை எப்படிக் குறைச்சே, அதை நான் நல்லாச் சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா சொல்ல முடியாது." அவரிடம் முன்னாடியே இதைச் சொல்லி, அவர் சம்மதித்தால் பேசுவது. இதில் மறைவு இல்லை, உதவியும் இருக்கிறது. சில பேருக்கு இது சரியான வழியும்கூட. உதாரணத்துக்கு, ஒருவருக்கு எக்செல் அறிக்கை எழுத வராது, ஆனால் போகும் வேலையில் அறிக்கையே கிடையாது என்றால் பாதி சரி போதும்.

எது போதும், எது போதாது என்பதை முடிவு செய்ய நான் பார்ப்பது ஒரே ஒரு கேள்வியை. ரெஃபரன்ஸ் அழைப்பு வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். எப்படித் தெரியும், எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன பொறுப்பு, பலம் என்ன, எதில் வளர வேண்டும், வருகை எப்படி, ஏன் விலகினார் என்று போகும். முடிவில் பெரும்பாலும் இது வரும்: "வாய்ப்புக் கிடைத்தால் இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" ஆன்லைன் படிவமாக வந்தாலும் இதற்கென்று ஆம், இல்லை என்று ஒரு கட்டம் இருக்கும். முன்னே எவ்வளவு நல்லதாகப் பேசியிருந்தாலும் இந்தப் பதிலைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். "அதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்றாலும் அது 'இல்லை'தான். அதனால் தம்பியிடம் பதில் சொல்வதற்கு முன் அவர் போகிற அதே மாதிரி வேலையை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். எடுப்பேன், ஆனால் ஒன்றிரண்டு விஷயத்தில் கவனமாக இருப்பேன் என்றால், பாதி சரி. எடுக்க மாட்டேன் என்றால், பாதி சரி என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் பேச்சு அந்தக் கேள்வியில் போய்த்தான் நிற்கும்.

இந்தத் தம்பியை என் கிடங்கில் ஆட்களைச் சமாளிக்கும் வேலைக்கு எடுப்பேன், டெலிவரி ஒருங்கிணைப்புக்கு எடுப்பேன். ரசாயனக் கிடங்கில் பாதுகாப்புத் தாளில் கையெழுத்துப் போடும் வேலைக்கு எடுக்க மாட்டேன். அவர் அந்த வேலைக்குத்தான் போகிறார். இன்னொன்றும் இருக்கிறது: முழு உண்மையும் சொல்ல வேண்டுமென்றால் எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது பழைய நிறுவனத்தின் உள் விவகாரம். வெளியில் எடுத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் இருந்தால் பாதி உண்மை, சொன்னால் நிறுவனத்தின் நம்பிக்கையை மீறுவது. ஆக எனக்கு மிஞ்சுவது ஆறாவது வழி. நேராக, சீக்கிரமாக, அவரிடமே முடியாது என்று சொல்வது.

சீக்கிரம் என்றால் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள். அந்த 30 நாளில் நாம் தயங்கும் ஒரு வாரம் கிட்டத்தட்ட கால் பங்கு. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுவதை நான் விரும்புவதில்லை. எழுத்தில் குரல் போகாது, அவர் அதைப் பத்துத் தடவை படிப்பார். "ஃப்ரீயா? கூப்பிடவா?" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் பேசுவது நல்லது. பேச்சு இந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும்:

"தம்பி, என்னை நெனச்சுக் கேட்டதுக்கு நன்றிப்பா. ஆனா இந்த வேலைக்கு என் பேரைப் போட வேணாம். முழு மனசோட பேசுற ஆள் உனக்கு வேணும், இதுக்கு அது நானா இருக்க முடியாது. வேற ஆளைக் கேக்க உனக்கு நேரம் இருக்கணும்னுதான் இன்னைக்கே சொல்றேன்."

'இந்த வேலைக்கு' என்பதை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன், அது உண்மையும்கூட. 'மன்னிச்சுக்கோ' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். அது அவரை நமக்கு ஆறுதல் சொல்ல வைக்கும். 'நீ திறமையான ஆள், எங்கேயும் கிடைக்கும்' என்று சேர்ப்பதும் வேண்டாம். மறுத்த வாயால் அப்படிச் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

காரணத்தை நாமாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சிலர் கேட்கவே மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும். அவர் "ஏண்ணே?" என்று கேட்டால் மழுப்பக் கூடாது. ஏற்கெனவே அவரிடம் பேசி முடித்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும், புதிதாக எதையும் எடுக்கக் கூடாது.

"செக்லிஸ்ட் விஷயம்தான்பா. கெமிக்கல் கிடங்கு, சேஃப்டி பத்திக் கண்டிப்பாக் கேப்பாங்க. கேட்டா என்னால மாத்திச் சொல்ல முடியாது. உன்கிட்ட சொல்லாத ஒண்ணை அவங்ககிட்ட சொல்றதும் எனக்குப் பிடிக்கல."

அவர் கோபப்படலாம். "அது எப்பவோ நடந்தது, இப்ப நான் அப்படி இல்லண்ணே" என்று சொல்லலாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் வேலையை நான் பார்க்கவில்லை. "இருக்கலாம்பா, அப்புறம் உன்கூட வேலை பார்த்தவங்க அதைச் சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்பதுதான் நேர்மையான பதில். இங்கே வாதத்தில் இறங்கினால் மறுப்பு விசாரணையாக மாறிவிடும்.

மறுத்த பிறகு செய்யக்கூடிய உதவிகள் உண்டு, அவை மறுப்பை மழுப்பாதவையாக இருக்க வேண்டும். வேலையில் இருந்த தேதியும் பதவியும்தான் தேவை என்றால் பழைய நிறுவனத்தின் எச்ஆர் பிரிவுக்கு அவரே எழுதலாம், யாருக்கு எழுதுவது என்று நாம் சொல்லிக்கொடுக்கலாம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பதும் விவரமான சம்பளச் சீட்டும் 2016 ஏப்ரலிலிருந்து இங்கே வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் கட்டாயம். பழைய சீட்டுகளை எடுத்து வைத்திருந்தால் அவையே ஆதாரம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதிப் பதிவும் இருக்கிறது. பாஸ்காரர்களுக்கு அது இல்லை, ஆனால் வருமான வரிக் கணக்கு இருக்கும். எங்கள் தம்பிக்குப் பயன்பட்டது வேறு. அவரோடு தினமும் லாரி நேரம் பேசி வேலை பார்த்த போக்குவரத்துப் பிரிவு அக்கா ஒருவர் இருந்தார், அவர் இவரை மெச்சிப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். "அவங்களைக் கேட்டுப் பாரு" என்றேன். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவர் பார்த்ததை அவர் சொல்லட்டும். நேரடி மேலாளர் கட்டாயம் என்றால், எனக்குப் பிறகு அங்கே பொறுப்பேற்றவரின் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்கும்படி சொன்னேன்.

நாம் வேண்டாம் என்று சொன்ன பிறகும், அல்லது கேட்காமலே, பெயர் படிவத்தில் போய்விடுவதும் உண்டு. எச்ஆர் போன் செய்தால் அங்கே காரணம் பேசக் கூடாது. "நான் இவருக்கு ரெஃபரன்ஸ் கொடுக்கும் நிலையில் இல்லை, பழைய நிறுவனத்தின் எச்ஆரைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். "ஏதாவது பிரச்சினையா?" என்று தூண்டில் போடுவார்கள். அதற்கும் அதே வாக்கியம்தான், அதே குரலில். இது அவருக்குக் கெடுதலாக விழும் என்பதை மறுக்க முடியாது. அதனால் போனை வைத்த உடனே தம்பியைக் கூப்பிட்டு, இன்னார் அழைத்தார்கள், நான் சொன்னது இவ்வளவுதான், வேறு பெயரை இன்றைக்கே அவர்களுக்கு அனுப்பு என்று சொல்லிவிட வேண்டும்.

வீட்டுப் பக்கம் வரும் அழுத்தம் கடைசியில் வரும். அவர் மனைவி நம் மனைவியிடம், "அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்" என்பார். எங்கள் வீட்டில் நான் சொல்லி வைத்திருப்பது: "அது அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட விஷயம், எனக்குத் தெரியாது." எனக்கும் தம்பிக்கும் இடையில் என்ன பேச்சு என்று நான் நிஜமாகவே வீட்டில் சொல்வதில்லை, அதனால் என் மனைவி சொல்வதும் பொய்யில்லை. செக்லிஸ்ட் விஷயம் சிராங்கூன் சாலை வரைக்கும் போனால் அவருக்கு இந்த ஒரு வேலை மட்டும் போகாது, அடுத்ததும் போகும்.